எழுத்தைத் திட்டி எழுதியவர்

எழுத்தின்மேல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளில் மிகவும் பேர்பெற்றது, பிளேட்டோவின் 'பைத்ரஸ்' என்ற உரையாடலின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. எழுத்து ஞாபகசக்தியைக் கெடுத்துவிடும், கேள்வி கேட்டால் பதில் சொல்லாது, தகுதி இல்லாதவன் கையிலும் போய்ச் சேரும் என்று சாக்ரடீஸ் அங்கே அடுக்குகிறார். சாக்ரடீஸ் தன் தத்துவம் என்று எதையும் எழுதி வைத்தவர் இல்லை. அதனால் அவர் வாயிலிருந்து இது வருவதில் வியப்பில்லை. ஆனால் இந்தப் பேச்சு இன்று நம்மிடம் இருக்கக் காரணம், கி.மு. 370-ஐ ஒட்டி பிளேட்டோ உட்கார்ந்து அதை எழுதினார் என்பதுதான். எழுத்தைத் திட்டுவதற்கே எழுத்து தேவைப்பட்டிருக்கிறது.

இதை ஒரு வேடிக்கை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். பலர் அப்படித்தான் போனார்கள். 1968-ல் பிரெஞ்சு இதழான 'டெல் கெல்'லில் ஒருவர் மட்டும் நின்று நிதானமாக அதைத் துருவினார். 1930-ல் அல்ஜீரியாவில் பிறந்து பாரிஸில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ழாக் தெரிதா அவர். கட்டுரையின் பெயர் 'பிளேட்டோவின் மருந்தகம்'. அதற்கு முந்தைய ஆண்டில்தான், 1967-ல், ஒரே வருடத்தில் மூன்று நூல்களை அவர் வெளியிட்டிருந்தார். அவருடைய வாசிப்பு முறைக்குத் தமிழில் கட்டுடைப்பு என்று பெயர் வந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம் சிறுபத்திரிகைகளில் அந்தச் சொல் அடிபட்ட அளவுக்கு அந்த முறை செய்து காட்டப்பட்டதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. இப்போதெல்லாம் ஒரு படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டாலே 'கட்டுடைத்துவிட்டார்' என்கிறார்கள். அந்தச் சொல் எந்த வேலையைக் குறிக்கிறது என்பதை, பேச்சு, எழுத்து என்ற ஒரே ஒரு ஜோடியை வைத்துப் பார்க்கலாம்.

முதலில் ஜோடி என்றால் என்ன? உள்ளே, வெளியே, ஆன்மா, உடல், இயற்கை, செயற்கை, அசல், நகல். தத்துவமாகட்டும் நீதிபோதனையாகட்டும், இப்படி இரண்டிரண்டாகத்தான் உலகத்தைப் பிரித்து வைத்துக்கொள்கிறது. இவற்றை இருமை எதிர்வுகள் என்பார்கள். பிரிப்பதில் குற்றமில்லை. பிரிக்காமல் யோசிக்கவே முடியாது. தெரிதா கவனிக்கச் சொன்னது வேறொன்றை. இந்த ஜோடிகளில் இரண்டும் சரிசமமாக உட்கார்வதில்லை. ஒன்று மேலே, மற்றது கீழே. மேலே இருப்பது முதலில் வந்தது, தூயது, தன் காலில் தானே நிற்பது. கீழே இருப்பது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது, இல்லாவிட்டாலும் குறைவில்லாதது, கொஞ்சம் ஆபத்தானதும்கூட. பேச்சும் எழுத்தும் அப்படி ஒரு ஜோடி. பேச்சு மனதிலிருந்து நேரே வருகிறது. எழுத்து அதன் நகல். பிளேட்டோவின் வாதம் இந்தப் படிநிலையின்மேல்தான் நிற்கிறது.

'பைத்ரஸ்' தொடங்கும் இடத்துக்குப் போவோம். கோடை வெயிலில் ஏதென்ஸின் மதிலுக்கு வெளியே பைத்ரஸ் என்ற இளைஞன் நடந்துகொண்டிருக்கிறான். லிசியாஸ் என்ற பேச்சு எழுத்தாளரின் உரையைக் காலையிலிருந்து கேட்டு, அதை மனப்பாடம் செய்யப் போகிறவன். வழியில் சாக்ரடீஸ் அகப்படுகிறார். உரையின் சாரத்தைத் தன் வாய்மொழியில் சொல்கிறேன் என்கிறான் பைத்ரஸ். மேலாடைக்குள் என்ன ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார் சாக்ரடீஸ். அது எழுதப்பட்ட சுருள். லிசியாஸே இங்கே வந்திருக்கும்போது, நீ என்னை வைத்துப் பேசிப் பழகுவதற்கு நான் ஆள் இல்லை, சுருளைப் படி என்று கேட்டுக்கொள்கிறார். பிறகு இருவரும் இலிசஸ் ஓடையில் கால் நனைத்தபடி நடந்து, ஒரு மரநிழலில் அமர்கிறார்கள். ஊரை விட்டு வெளியே வராத மனிதர் என்று சாக்ரடீஸைப் பைத்ரஸ் கேலி செய்கிறான். பசித்த மாட்டுக்கு முன்னால் தழையை ஆட்டிக் கூட்டிப்போவது போல, ஏட்டைக் காட்டி நீ என்னை எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போகலாம் என்று அவர் ஒப்புக்கொள்கிறார்.

இந்தச் சின்னக் காட்சியைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து ஊமை என்று பின்னால் சொல்லப்போகிறவர், எதிரே உயிரோடு நிற்பவனின் பேச்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சுருளைக் கேட்கிறார். அதற்குக் காரணமும் சொல்கிறார்: சுருளில் லிசியாஸ் நேரில் இருக்கிறாராம்.

காதலைப் பற்றியும் பேச்சுக்கலையைப் பற்றியும் நீண்ட விவாதம் நடந்த பிறகு, கடைசியில் ஒரு எகிப்தியக் கதை வருகிறது. நௌக்ரட்டிஸ் பகுதியில் தேவுத் என்ற தெய்வம் இருந்தது. எண், கணக்கு, வடிவியல், வானியல், சொக்கட்டான், பகடை எல்லாம் அதன் கண்டுபிடிப்பு. கடைசியாக எழுத்தையும் கண்டுபிடித்து, தாமுஸ் அரசரிடம் கொண்டுபோய்க் காட்டுகிறது. இது எகிப்தியரின் அறிவையும் ஞாபகத்தையும் வளர்க்கும் மருந்து என்று சிபாரிசு செய்கிறது. அரசர் ஏற்கவில்லை. நீ பெற்ற பிள்ளை என்பதால் அதற்கு நேர்மாறான குணத்தைச் சொல்கிறாய் என்கிறார். எழுத்தை நம்பினால் மனிதர்கள் உள்ளே நினைவில் வைத்துக்கொள்வதை விட்டுவிட்டு, வெளியே கிடக்கும் கோடுகளைப் பார்த்து நினைவுபடுத்திக்கொள்வார்கள். படித்தவர்களாகத் தோன்றுவார்கள், அறிவு இருக்காது.

கதை முடிந்ததும் சாக்ரடீஸ் தன் பங்குக்குச் சேர்த்துக்கொள்கிறார். எழுத்து ஓவியம் மாதிரி. உயிரோடு நிற்பதுபோலத் தெரியும், கேள்வி கேட்டால் மௌனம் சாதிக்கும். எத்தனை முறை கேட்டாலும் சொன்னதையே சொல்லும். எழுதிவிட்டால் அது நாலா பக்கமும் உருண்டு போகும். யாரிடம் பேச வேண்டும், யாரிடம் வாயை மூட வேண்டும் என்று அதற்குத் தெரியாது. யாராவது தப்பாகத் திட்டினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதனால் முடியாது, தகப்பன் வந்துதான் காப்பாற்ற வேண்டும். பேச்சோ எனில் பக்கத்திலேயே தகப்பன் இருக்கிறான், கேட்டால் விளக்குவான்.

இதுவரை வாதம் கெட்டியாகத்தான் இருக்கிறது. வாட்ஸப் செய்தியால் உறவில் விரிசல் கண்டவர்கள் அத்தனை பேரும் சாக்ரடீஸ் பக்கம்தான் நிற்பார்கள்.

அடுத்த அடியில்தான் சறுக்கல். எழுத்துக்கு எதிரான அந்த நல்ல பேச்சு எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டிய கட்டம் வருகிறது. அது இந்த எழுத்தின் உடன்பிறப்பு, முறைப்படி பிறந்த பிள்ளை என்கிறார் சாக்ரடீஸ். சரி, அது எங்கே இருக்கிறது? கற்பவனின் ஆன்மாவில் அறிவோடு எழுதப்பட்டிருக்கிறது என்கிறார். பேசப்பட்டிருக்கிறது என்று சொல்லவில்லை. எழுத்தை வெளியே துரத்தியாகிவிட்டது. உயிருள்ள பேச்சை விவரிக்க வேண்டிய தருணத்தில் கைக்கு அகப்படும் வினைச்சொல் எழுது என்பதே. பைத்ரஸ் அதைக் கேட்டுத் தலையாட்டுகிறான். ஆமாம், எழுதப்பட்ட சொல் அந்த உயிருள்ள பேச்சின் நிழல்தானே என்று முடித்துக்கொடுக்கிறான். அவன் கவனிக்கவில்லை. தெரிதா கவனித்தார்.

இதை ஒரு உவமை, அவசரத்தில் வந்து விழுந்தது என்று தள்ளிவிட முடியுமா? முடியாது என்பதற்குக் காரணம் வாதத்துக்குள்ளேயே இருக்கிறது. நல்ல பேச்சு வெறும் காற்றாக இருந்தால் பயனில்லை. ஆசிரியர் பேசி முடித்த கணமே அது கரைந்துவிட்டால் மாணவனுக்கு என்ன மிஞ்சும்? அது பதிய வேண்டும், தங்க வேண்டும், ஆசிரியர் இல்லாத நேரத்திலும் மாணவனுக்குள் வேலை செய்ய வேண்டும். பதிவது, தங்குவது, எழுதியவர் இல்லாதபோதும் இயங்குவது: இவைதான் எழுத்தின் குணங்கள் என்று இவ்வளவு நேரம் திட்டப்பட்டவை. அவை இல்லாமல் கற்பித்தல் என்ற ஒன்றே நடக்காது. அதனால் ஆன்மாவில் எழுதுவது என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல்லைப் போட்டாலும், பதித்தல், விதைத்தல் என்று எதைப் போட்டாலும், அதே குணம் திரும்ப வந்து நிற்கும். கீழே தள்ளப்பட்டது மேலே இருப்பதற்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. கட்டுடைப்பு காட்டுவது இந்த இடத்தைத்தான்.

தேவுத் கொண்டுவந்த மருந்தையும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும், கட்டுரைக்கே பெயர் அதிலிருந்துதான். கிரேக்கத்தில் அங்கே இருக்கும் சொல் ஃபார்மகான். நோய் தீர்ப்பதும் அதுதான், ஆளைக் கொல்வதும் அதுதான். சாக்ரடீஸ் சிறையில் குடித்த ஹெம்லாக்கை, பிளேட்டோவின் இன்னோர் உரையாடலான 'ஃபீடோ' இதே சொல்லால் குறிக்கிறது. பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர்கள் இங்கே நோய்தீர்க்கும் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அப்போது தெய்வம் ஒன்று சொல்கிறது, அரசர் மறுக்கிறார் என்று இரண்டு கட்சிகள் தெளிவாகப் பிரிந்து தெரியும். மூலத்தில் அவ்வளவு சுலபமாகப் பிரியவில்லை. இருவரும் ஒரே சொல்லின் இரண்டு முகங்களைப் பிடித்து இழுக்கிறார்கள். வயலுக்கு அடிப்பதையும் மருந்து என்று சொல்லி, காய்ச்சலுக்குக் கொடுப்பதையும் மருந்து என்று சொல்லி, ஆளை மயக்குகிறவளை 'மருந்து வைத்துவிட்டாள்' என்று ஏசும் நமக்கு இதைப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. தெரிதா இதோடு நிற்காமல், பிளேட்டோ பயன்படுத்தாத ஃபார்மகோஸ் என்ற இனச்சொல்லையும், ஊரின் பாவம் தீர ஆளை வெளியே துரத்தும் ஏதென்ஸ் சடங்கையும் இழுத்து வருகிறார். அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை இல்லை. பிரதியில் இருக்கும் சொல்லைக் காட்டும்போது அவரை மறுப்பது கடினம். இல்லாத சொல்லைக் காட்டும்போது அப்படியில்லை.

இனி பிளேட்டோவை விட்டுவிட்டு, பேச்சையே நேராகப் பார்க்கலாம். எழுத்தின் குறைகள் என்று சொல்லப்பட்டவை பேச்சில் நிஜமாகவே இல்லையா?

விருந்துக்கு வந்த மாமா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, 'போயிட்டு வர்றேம்மா' என்கிறார். எதிரே நின்று, கண்ணைப் பார்த்து, தன் குரலில் சொல்கிறார். பேச்சின் எல்லாச் சிறப்பும் இதில் உண்டு. ஆனால் அத்தைக்கு அது புரிவது மாமாவின் மனதுக்குள் எட்டிப் பார்த்ததால் அல்ல. அந்தச் சொற்றொடர் அவருக்கு முன்பே ஆயிரம் வாசல்களில் சொல்லப்பட்டது. அவர் திரும்பி வரும் எண்ணமே இல்லாமல் சொன்னாலும் விடைபெறுதல் நடந்துவிடும். கோபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாலும் நடக்கும். நாடக மேடையில் நடிகர் சொல்லலாம், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் உதாரணமாகச் சொல்லலாம். சொன்னவரிடமிருந்தும், அவர் நினைத்ததிலிருந்தும், அந்த வாசலிலிருந்தும் கழன்று இன்னோர் இடத்தில் போய் வேலை செய்ய முடிவதால்தான் அது ஒரு சொற்றொடராக இருக்கிறது. ஒருவர் ஒரே ஒரு முறை மட்டும், ஒரே ஒரு மனநிலைக்காக மட்டும் எழுப்பும் சத்தம், திரும்பச் சொல்லவே முடியாத சத்தம், மொழியாக இருக்க முடியாது.

ஆக, தகப்பன் இல்லாத இடத்திலும் உலவுவது எழுத்துக்கு மட்டும் நேர்ந்த கேடு இல்லை. வாயைத் திறந்து பேசும் ஒவ்வொரு சொல்லுக்கும் அந்தச் சாத்தியம் பிறவியிலேயே இருக்கிறது. தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அப்படியே. தெரிதா இந்தப் பொதுக்குணத்துக்கு 'எழுத்து' என்ற பெயரையே விரித்து வைத்தார். பேச்சும் ஒருவகை எழுத்து என்று அவர் சொன்னதாகக் கேள்விப்பட்டுப் பலர் சிரித்திருக்கிறார்கள். மனிதன் முதலில் எழுதிவிட்டுப் பிறகுதான் பேசினான் என்று அவர் சொல்லவில்லை. குழந்தை பேசிவிட்டுத்தான் எழுதக் கற்கிறது என்பது அவருக்கும் தெரியும். எழுத்தைக் கீழே தள்ளச் சொன்ன காரணங்கள் பேச்சுக்கும் பொருந்தும் என்பதே அவருடைய வாதம்.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சோதனை இருக்கிறது. வேதத்துக்குத் தமிழில் எழுதாக்கிளவி என்று ஒரு பெயர் உண்டு. எழுத்தின் துணையில்லாமல் குருவின் வாயிலிருந்து சீடனின் காதுக்குப் போனது அது. பிளேட்டோவின் அளவுகோலின்படி பார்த்தால் இதைவிட உயிருள்ள பேச்சு கிடையாது. ஆனால் அது எப்படிக் காப்பாற்றப்பட்டது? முதலில் ஒட்டி ஒலிக்கும் மந்திரத்தைத் தனித்தனிச் சொல்லாகப் பிரித்து ஓதுவார்கள்; அது பதம். பிறகு ஒன்று இரண்டு, இரண்டு மூன்று, மூன்று நான்கு என்று கோத்து ஓதுவது கிரமம். ஒன்று இரண்டு, இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு என்று முன்னும் பின்னும் திருப்புவது ஜடை. கனம் என்ற முறையில் ஒன்று இரண்டு, இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு மூன்று, மூன்று இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு மூன்று என்று ஓடும். ஒரு சொல் நழுவினாலும் வரிசை இடறிக் காட்டிக்கொடுத்துவிடும். அர்த்தம் பார்த்தால் சொற்களைப் பின்னோக்கி ஓதுவதில் எந்தப் பொருளும் இல்லை. இது சரிபார்ப்பு. சொன்னதையே சொல்ல வேண்டும், கேள்விக்கு ஏற்ப மாறக் கூடாது, ஓதுபவர் யாராக இருந்தாலும் வித்தியாசம் தெரியக் கூடாது. சாக்ரடீஸ் எழுத்தின்மேல் சுமத்திய குறைகளில் பாதி இங்கே பேச்சின் இலட்சணமாகப் போற்றப்படுகிறது. ஓலையும் எழுத்தாணியும் இல்லாமலே, குரலை வைத்து எழுத்தின் வேலையை முடித்துவிட்டார்கள். அதே சமயம், அந்தப் பேச்சு யார் காதுக்கெல்லாம் போகக் கூடாது என்று கட்டுக்காவலும் போட்டார்கள். நாலா பக்கமும் உருண்டு போகும் என்று சாக்ரடீஸ் பயந்தது எழுத்துக்கு மட்டும் உரியதாக இருந்திருந்தால், பேச்சுக்கு இந்தக் காவல் தேவைப்பட்டிருக்காது.

தெரிதா பிளேட்டோவோடு நிற்கவில்லை. 1967-ல் வந்த நூல்களில் பெரியதான 'இலக்கணவியல் பற்றி'யில் ரூசோவையும் மானுடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸையும் இதேபோல் வாசிக்கிறார். அவற்றைத் தொடாமல், நவீன மொழியியலின் தந்தை எனப்படும் ஸ்விட்சர்லாந்துக்காரர் ஃபெர்டினான்ட் டி சசூரை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பிளேட்டோவுக்கு நேர்ந்ததே அவருக்கும் நேர்ந்திருக்கிறது என்பதால்.

எழுத்து இருப்பதன் ஒரே காரணம் பேச்சைப் பிரதிநிதித்துவப்படுத்துவது என்றார் சசூர். மொழியியல் படிப்பவன் எழுத்தைப் பார்ப்பது, ஆளின் முகத்தை அறிய அவருடைய புகைப்படத்தைப் பார்ப்பது போல என்றார். அதோடு விடாமல், எழுத்து சில நேரம் பேச்சையே கெடுத்துவிடுகிறது என்று கோபப்பட்டார். லெஃபெவ்ர் என்ற பிரெஞ்சுக் குடும்பப்பெயரை யாரோ வைத்த எழுத்துக்கூட்டலால் ஜனங்கள் லெஃபெபூர் என்று உச்சரிக்கத் தொடங்கினார்கள் என்பது அவர் தந்த உதாரணம். நமக்கு இன்னும் பக்கத்தில் உதாரணம் இருக்கிறது. ழகரத்தை ஆங்கிலத்தில் எழுதும் வழக்கத்தால், கனிமொழியும் கோழிக்கோடும் வடநாட்டுச் செய்தி வாசிப்பாளர் வாயில் என்ன பாடு படுகின்றன என்று பார்க்கிறோம் அல்லவா? வெளியாள் உள்ளே வந்து வீட்டுக்காரனை அதட்டுகிறான் என்பதுதான் சசூரின் ஆத்திரம். தெரிதாவின் கேள்வி எளிமையானது. எழுத்து வெறும் நகலாக, முற்றிலும் வெளியே நிற்பதாக இருந்தால், உள்ளே நுழைந்து உச்சரிப்பை மாற்ற அதற்கு எங்கிருந்து பலம் வந்தது?

அதே சசூர் பின்னால் தன் மிகப் பெரிய கண்டுபிடிப்பைச் சொல்கிறார். மொழியில் எதற்கும் தனியாக மதிப்பு இல்லை, வேறுபாடுகளே உள்ளன. வலி, வளி, வழி என்ற மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ழகரத்தைத் திருநெல்வேலிக்காரர் ஒருவிதமாகச் சொல்லலாம், மதுரைக்காரர் ஒருவிதமாகச் சொல்லலாம். லகரத்தோடும் ளகரத்தோடும் குழம்பாத வரைக்கும் அது ழகரம்தான். இதை விளக்க சசூருக்கு ஓர் எடுத்துக்காட்டு தேவைப்பட்டது. அவர் எடுத்தது எழுத்தை. ஒரே எழுத்தை ஒருவர் பலவிதமாகக் கிறுக்கலாம், மற்ற எழுத்துகளோடு குழம்பாமல் இருந்தால் போதும் என்று காட்டினார். மொழியியலின் வாசலுக்கு வெளியே நிறுத்திய எழுத்து, மொழி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் மாதிரியாக நடுக்கூடத்துக்கு வந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சசூர் இந்தப் புத்தகத்தை எழுதவில்லை. 1907 முதல் 1911 வரை ஜெனீவாவில் வகுப்பில் பேசினார், 1913-ல் இறந்துபோனார். மாணவர்களின் குறிப்பேடுகளை வைத்து சார்ல்ஸ் பாயி, ஆல்பெர் செஷெஹாய் என்ற இரு சகாக்கள் 1916-ல் தொகுத்தார்கள். தகப்பன் இல்லாமல் உலகம் சுற்றிய பிள்ளை அந்தப் புத்தகம். அது இல்லாவிட்டால் இருபதாம் நூற்றாண்டின் மொழியியல் வேறு மாதிரி இருந்திருக்கும்.

கட்டுடைப்பு என்ற பெயரில் நடக்கும் தவறுகளை இப்போது அடையாளம் காண்பது சுலபம். முதலாவது, ஜோடியைத் தலைகீழாகப் புரட்டிவிட்டு வேலை முடிந்தது என்பது. பேச்சு கீழே, எழுத்து மேலே என்று அறிவித்தால் ஆள்தான் மாறியிருக்கிறான், நாற்காலி அப்படியே இருக்கிறது. தமிழ் எழுத்துலகம் வெகுகாலம் இதைத்தான் செய்து வந்தது. பிளேட்டோவுக்கு நேர்மாறாக, எழுத்துத் தமிழை மேலே வைத்து, வாயில் புழங்கும் தமிழைக் கொச்சை என்றோம். அங்கேயும் கீழே தள்ளப்பட்டது மேலே இருப்பதற்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது என்பதை, பேச்சுவழக்கு இல்லாமல் எழுதிப் பார்த்த கதாசிரியர்கள் சொல்வார்கள்.

இரண்டாவது, எந்தப் பிரதிக்கும் எந்த அர்த்தமும் சொல்லலாம் என்று நினைப்பது. மேலே பார்த்த வாசிப்பில் அப்படி எதுவும் நடக்கவில்லை. 'பைத்ரஸ்' எழுத்தைக் கண்டிக்கிறது என்பதை மறுக்கவில்லை. கண்டிக்கிறது என்று ஒப்புக்கொண்டால்தான் ஆன்மாவில் எழுதுதல் ஒரு சிக்கலாகவே தெரியும். நேர்ப்பொருளை ஒழுங்காக வாசிக்காதவருக்கு விரிசல் தென்படாது. மூன்றாவது, நூலாசிரியர் முரண்பட்டுவிட்டார், முட்டாள் என்று கைகொட்டுவது. பிளேட்டோ கவனக்குறைவாக இருந்தார் என்று தெரிதா சொல்லவில்லை. 'பைத்ரஸ்' ஒழுங்கில்லாத நூல் என்று முன்பு கருதியவர்கள் உண்டு. பிளேட்டோ இளமையில் எழுதியதால் அப்படி என்று ஒரு காலத்தில் சொன்னார்கள், முதுமையில் எழுதியதால் அப்படி என்று பிறகு சொன்னார்கள். அந்தப் பேச்சை நிறுத்திவிட்டு, எழுத்தைப் பற்றிய அந்தக் கடைசிப் பகுதி நூல் முழுவதோடும் எப்படிப் பின்னியிருக்கிறது என்று காட்டியவர் தெரிதா.

இதிலிருந்து ஒரு வலுவான ஆட்சேபம் பிறக்கிறது. எழுத்தை ஏசும் உரையாடலை எழுதிய பிளேட்டோவுக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்காதா? மேலாடைக்குள் சுருளை ஒளித்து வைத்தவரே அவர்தானே? அப்படியானால் தெரிதா பிளேட்டோவைக் கட்டுடைக்கவில்லை, பிளேட்டோ ஏற்கெனவே அவிழ்த்து வைத்ததைப் படித்துக் காட்டுகிறார் என்று ஆகிறது. இந்த ஆட்சேபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். சசூரிடம் இதைச் சொல்ல முடியாது. அங்கே எழுத்தின்மேல் வந்த கோபம் கோபம்தான், நாடகம் இல்லை. ஆகவே ஒரே முறையை இரண்டு பேரிடம் செலுத்தினாலும் கிடைப்பது ஒன்றாக இருப்பதில்லை. பிளேட்டோவிடமிருந்து சசூர் வரை மேற்கத்தியச் சிந்தனை முழுவதும் எழுத்தைத் தாழ்த்தியது என்று தெரிதா ஒரே கோடாக இழுப்பதும் இதனால்தான் எனக்குக் கொஞ்சம் பெரிய வார்த்தையாகப் படுகிறது. கோட்டைவிட, அவர் நின்று காட்டும் ஒவ்வொரு இடமும் வலுவானது.

கட்டுடைத்திருக்கிறேன் என்று யாராவது சொன்னால் இரண்டு கேள்விகள் போதும். அந்த ஜோடியின் படிநிலையை எடுத்துவிட்டால் நூலின் வாதம் சரிகிறதா? கீழே தள்ளப்பட்டது திரும்பி வந்து நிற்கும் இடத்தை நூலாசிரியரின் சொந்தச் சொல்லிலேயே காட்ட முடிகிறதா? இரண்டாவது கேள்விக்கு விரல் வைத்து ஒரு வரியைக் காட்டாதவர் செய்திருப்பது கட்டுடைப்பு இல்லை, அபிப்பிராயம். தெரிதாவின் கட்டுரை நீளமானது, வளைந்து வளைந்து போவது. நேரே அதில் இறங்கினால் மூச்சுத் திணறும். 'பைத்ரஸ்' சின்ன நூல், இரண்டு மாலைப்பொழுதில் படித்துவிடலாம். அதை முதலில் படியுங்கள்.